பத்தடி நாலங்குலத்துக்கு எத்தனை படி?

மாடிப்படி போட வந்த மேஸ்திரியிடம் எத்தனை படி வரும் என்று கேட்டால், கையில் டேப்பை எடுக்காமலேயே பதில் வந்துவிடும்: "படிக்கு ஏழு இஞ்ச் வச்சுக்கலாம் சார். பதினேழு, பதினெட்டு வரும்." வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். பதினேழா, பதினெட்டா என்று அப்போதே கேட்டு முடித்திருந்தால் பல வீடுகளில் கடைசிப் படியில் கால் இடறுவது நின்றிருக்கும்.

ஒரு சாதாரண மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்தின் டைல்ஸ் மேற்பரப்பிலிருந்து மாடித்தளத்தின் டைல்ஸ் மேற்பரப்பு வரை பத்தடி நாலங்குலம். அதாவது 124 அங்குலம். ஏழங்குலப் படிகளாக ஏறிக்கொண்டே போனால் பதினேழாவது படியில் 119 அங்குலம் வந்துவிடும்; மேலே 5 அங்குலம் மிச்சம் நிற்கும். பதினெட்டாவதையும் ஏழாகப் போட்டால் 126. மாடித்தளத்தைவிட 2 அங்குலம் கூடுதல். இரண்டும் பொருந்தாது. வேலை நடக்கும் இடத்தில் இதற்குக் கிடைக்கும் தீர்வு எளிமையானது: பதினேழு படியை ஏழங்குலமாகவே போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் ஐந்து அங்குலத்தை முதல் படியிலோ கடைசிப் படியிலோ தள்ளிவிடுவார்கள். பார்வைக்கு எதுவும் தெரியாது. காலுக்குத் தெரியும்.

படி ஏறுகிறவர் முதல் இரண்டு படிகளை மட்டும்தான் கவனித்து ஏறுகிறார். அதற்குள் எவ்வளவு தூக்க வேண்டும் என்று கால் பழகிவிடுகிறது. பிறகு கண் வேறெங்கோ போய்விடும். எல்லாப் படியும் உயரமாக இருந்தால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஒரு படி மட்டும் மாறினால்தான் விழ நேர்கிறது. அதிலும் இறங்கும்போது மாறினால் அடி பலமாகப் படும். அமெரிக்கக் கட்டட விதிகள் ஒரே வரிசையில் உள்ள மிகப் பெரிய படிக்கும் மிகச் சிறிய படிக்கும் இடையே முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம் உதாரணத்தில் உள்ள வித்தியாசம் இரண்டு அங்குலம்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகத் தொடங்க வேண்டும். படி உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மாடி உயரத்துக்குள் அதை அடுக்கக் கூடாது. மாடி உயரத்தை ஒரு முழு எண்ணால் வகுத்து, அதிலிருந்து படி உயரத்தைப் பெற வேண்டும்.

இதற்கு மில்லிமீட்டர் வசதி. 124 அங்குலம் என்பது 3150 மில்லிமீட்டர். ஏழங்குலம் சுமார் 178. மூவாயிரத்து நூற்றைம்பதை 178-ஆல் வகுத்தால் 17.7 வருகிறது. அரைகுறைப் படி என்று ஒன்று கிடையாது என்பதால் பக்கத்தில் உள்ள முழு எண்களைப் பார்க்கலாம். 17 படி என்றால் ஒவ்வொன்றும் 185 மில்லிமீட்டர். 18 என்றால் சரியாக 175. 19 என்றால் 166. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளுக்குப் படி உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. அதன்படி மூன்றுமே செல்லும். ஆனால் 185 என்பது எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் ஏற வேண்டிய வீட்டில் அதை வைப்பது நல்ல யோசனை அல்ல. பத்தொன்பது படி ஏறச் சுகமானது, ஆனால் நீளம் அதிகம் கேட்கும். இந்த வீட்டுக்குப் பதினெட்டை எடுத்துக்கொள்வோம். அங்குலத்தில் சொன்னால் ஆறே முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுக் கூடுதல். டேப்பின் அங்குலப் பக்கத்தில் அந்தக் கோட்டைத் தேடுவதைவிட மறுபக்கம் திருப்பி 175 என்று பார்ப்பது சுலபம்.

அடுத்தது பாதம் வைக்கும் மிதி அகலம். சைட்டில் இதை டிரெட் என்றும், உயரத்தை ரைசர் என்றும் சொல்வார்கள். இரண்டும் தனித்தனி முடிவுகள் அல்ல. படி உயர உயர, மிதி குறுக வேண்டும். படி தாழத் தாழ, மிதி அகல வேண்டும். இந்த உறவுக்கு ஒரு கணக்கை 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் பிரான்ஸ் நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா பிளோந்தெல். மனிதன் சமதளத்தில் எடுத்து வைக்கும் ஓர் எட்டை அவர் அடிப்படையாகக் கொண்டார். மேலே தூக்கும் ஒவ்வோர் அளவுக்கும் முன்னால் போகும் தூரத்தில் இரண்டு அளவு கழிகிறது என்பது அவர் வாதம். எனவே படி உயரத்தை இரண்டால் பெருக்கி மிதி அகலத்தைக் கூட்டினால் ஓர் எட்டின் அளவு வர வேண்டும். இன்று அதை 600-க்கும் 650-க்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள்.

நம் படிக்கு இரண்டு தடவை 175 என்பது 350. பத்தங்குல மிதி, அதாவது 250 மில்லிமீட்டர் வைத்தால் மொத்தம் 600. விளிம்பில் நிற்கிறது. 250 என்பது வீடுகளுக்கு நம் விதித்தொகுப்பு அனுமதிக்கும் குறைந்தபட்ச மிதியும்கூட. 275 வைத்தால் மொத்தம் 625. நடுவில் வந்து உட்காருகிறது. இறங்கும்போது குதிகால் முழுதாகப் பதிய அந்த ஓர் அங்குலம் பெரிய உதவி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 185 உயரமும் 250 மிதியும் வைத்தால்கூட பிளோந்தெல் கணக்கில் 620 வந்து தேறிவிடும். செங்குத்தான படியையும் அந்தக் கணக்கு ஏற்றுக்கொள்கிறது என்பதால், அதை மட்டுமே நம்பி முடிவெடுக்க முடியாது.

இப்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம். பதினெட்டு உயரம் என்றால் மிதி எத்தனை? பதினேழுதான். கடைசி உயரத்தை ஏறிய கால் மாடித்தளத்தின் மீது பதிகிறது. அது மாடியின் தரை, படியின் மிதி அல்ல. ஒரே நேராகப் போகும் படிக்கு இந்த விதி போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் பாதி ஏறி, லேண்டிங்கில் திரும்பி, மறுபாதி ஏறும் அமைப்பு. அங்கே ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று குறையும். கீழ்ப்பாதியில் ஒன்பது உயரம், எட்டு மிதி. ஒன்பதாவது மிதியாக லேண்டிங் நிற்கிறது. மேல்பாதியிலும் ஒன்பது உயரம், எட்டு மிதி, ஒன்பதாவது மாடித்தளம்.

எட்டு மிதிக்கு 275 வீதம் 2200 மில்லிமீட்டர். படியின் அகலம் 900 என்று வைத்தால் லேண்டிங்கும் குறைந்தது அதே 900 இருக்க வேண்டும். ஆக படி அறையின் உள்நீளம் 3100 மில்லிமீட்டர், பத்தடி இரண்டங்குலம். அகலத்துக்கு இரண்டு 900, நடுவே கைப்பிடிக்கு 100 விட்டு 1900, ஆறடி மூன்றங்குலம். ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டிய தரை இந்தக் கணக்கில் சேராது.

மிதியை ஒன்பது என்று தவறாக எண்ணிப் படம் போட்டுவிட்டு, அறையை மட்டும் பத்தடி இரண்டங்குலத்தில் கட்டினால் என்ன ஆகும்? கூடுதலாக வந்த 275 லேண்டிங்கிலிருந்துதான் கழியும். 900 இருக்க வேண்டிய லேண்டிங் 625-ஆகச் சுருங்கும். மனிதர்கள் திரும்பிவிடுவார்கள். பீரோவும் கட்டிலும் திரும்பாது. கயிறு கட்டிப் பால்கனி வழியாகத்தான் அவை மாடிக்குப் போகும்.

படி ஒற்றைப்படையில் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பதினெட்டு என்றதும் முகம் சுருங்கும். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. பதினெட்டு உயரம் உள்ள நம் படியில் கால் வைக்கும் இடங்களை எண்ணினால், லேண்டிங்கையும் சேர்த்துப் பதினேழு. அப்படி எண்ணி நிம்மதி அடைய விரும்புகிறவர்கள் அடையலாம். அதை ஏற்காதவர்கள் பத்தொன்பது உயரத்துக்குப் போய், கீழே பத்தும் மேலே ஒன்பதுமாகப் பிரித்துக்கொள்ளலாம். அறையின் நீளத்தில் இன்னொரு மிதி சேரும். சாஸ்திரத்துக்காக ஒரு படியை மட்டும் வெட்டிச் சேர்ப்பதுதான் கூடாத காரியம்.

கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தும் முதல் படியோ கடைசிப் படியோ மாறிப்போகும் வீடுகள் உண்டு. காரணம் தரை வேலை. மேலே சொன்ன 3150 மில்லிமீட்டர் என்பது எல்லா டைல்ஸும் கிரானைட்டும் போட்டு முடிந்த பிறகுள்ள அளவு. கான்கிரீட் போடும் நாளில் அவற்றில் எதுவும் இருக்காது. கீழ்த்தளத்தில் வெறும் கான்கிரீட் தரை மட்டும் இருக்கும். அதன் மேல் மணல், கலவை, டைல்ஸ் என்று இன்னும் 75 மில்லிமீட்டர் ஏறப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். படிகளின் மேல் கலவையும் கிரானைட்டும் சேர்ந்து 40 ஏறும். மாடித்தளத்தில் 50 ஏறும்.

மூன்று இடத்திலும் மூன்று விதமாக ஏறுவதால், முடிந்த பிறகு எல்லாம் 175 வர வேண்டுமானால் கான்கிரீட்டில் எல்லாம் 175 இருக்க முடியாது. முதல் படியைப் பாருங்கள். கீழே தரை 75 ஏறிவிடும், படி 40 மட்டுமே ஏறும். வித்தியாசமான 35-ஐ முன்கூட்டியே சேர்த்து முதல் படியின் கான்கிரீட்டை 210 உயரத்தில் நிறுத்த வேண்டும். நடுவிலுள்ள பதினாறும் ஒன்றுபோலவே 40 ஏறுவதால் அவை 175-ஆகவே இருக்கலாம். லேண்டிங்கிலும் அதே கிரானைட் என்றால் அங்கும் மாற்றம் இல்லை. கடைசியில் மாடித்தளம் படியைவிட 10 கூடுதலாக ஏறும் என்பதால் கடைசி உயரம் 165. கூட்டிப் பார்த்தால் 210, பதினாறு தடவை 175, பிறகு 165; மொத்தம் 3175. கான்கிரீட் தரையிலிருந்து மாடி ஸ்லாபின் மேற்பரப்பு வரை உள்ள வெற்று உயரமும் அதுதான்: முடிந்த உயரம் 3150, கீழே வரப்போகும் 75-ஐக் கூட்டி, மேலே வரப்போகும் 50-ஐக் கழித்தால் 3175.

இந்தக் கணக்கைச் செய்யாமல் கான்கிரீட்டிலேயே எல்லாவற்றையும் ஒரே உயரமாக அடித்துவிட்ட வீடுகளில், டைல்ஸ் போட்ட பிறகு முதல் படி ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் தாழ்ந்துவிடும். "கான்கிரீட் போட்டப்ப சரியா இருந்துச்சே" என்று கொத்தனார் சொல்வதில் பொய் இல்லை. அன்று சரியாகத்தான் இருந்தது. எனவே என்ன டைல்ஸ், எவ்வளவு கனக் கிரானைட் என்று கடையில் முடிவு செய்யாவிட்டாலும், மூன்று இடத்துக்கும் எவ்வளவு கனம் ஒதுக்குகிறோம் என்பதைப் பலகை அடிக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

குறிக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பக்கத்துச் சுவரில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் படிகளை முழு அளவில் வரைந்துகொள்வது நம் கொத்தனார்களின் நல்ல பழக்கம். ஒரு படியின் மேல் அடுத்த படி என்று ஒவ்வொன்றாக 175 அளந்து ஏறினால், ஒவ்வொரு முறையும் டேப் இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒன்பதாவது படியில் 18 மில்லிமீட்டர் பிசகி நிற்கும். அதற்குப் பதிலாக டேப்பின் நுனியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு 175, 350, 525, 700 என்று 1575 வரை கூட்டுத்தொகையாகக் குறித்தால் பிழை சேராது. முதல் படிக்குரிய 35 மில்லிமீட்டர் திருத்தத்துக்கு, டேப்பின் பூஜ்யத்தைக் கான்கிரீட் தரைக்கு 35 மேலே வைத்துப் பிடித்தால் போதும்.

இனி கான்கிரீட். மாடிப்படியின் கான்கிரீட் எவ்வளவு என்று கேட்டால், நீளம், அகலம், உயரம் பெருக்கிப் பாதி எடுத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. படிக்கட்டு ஒரு முழுக் கட்டி அல்ல என்பதால் அது எப்போதும் அதிகமாகவே வரும். அடியில் சாய்வாகக் கிடக்கும் ஒரு ஸ்லாப், அதன் முதுகில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முக்கோணங்கள், நடுவில் சமமாக ஒரு லேண்டிங். இந்த மூன்றையும் தனித்தனியாக எடுத்தால் கணக்கு ஐந்து நிமிடம்.

சுமையைத் தாங்குவது சாய்வு ஸ்லாப்தான். இன்ஜினியர்கள் இதை வெயிஸ்ட் ஸ்லாப் என்பார்கள். முக்கோணங்கள் கால் வைப்பதற்கு மட்டுமே. அவற்றை எவ்வளவு கனமாகப் போட்டாலும் படியின் பலம் கூடாது. சாய்வு ஸ்லாபின் கனம், அது எங்கிருந்து எங்கே தாங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்து இன்ஜினியர் தர வேண்டிய எண். நம் உதாரணத்தில் ஆறங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கனத்தை ஸ்லாபுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும், தரைக்குச் செங்குத்தாக அல்ல.

ஒரு படி 275 முன்னே போய் 175 மேலே ஏறுகிறது என்றால், சாய்வில் அது எவ்வளவு நீளம்? பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் இங்கே உதவிக்கு வருகிறார். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 326 மில்லிமீட்டர். எட்டுப் படிக்கு 2.608 மீட்டர். அதை 0.15 மீட்டர் கனத்தாலும் 0.9 மீட்டர் அகலத்தாலும் பெருக்கினால் 0.352 கனமீட்டர்.

முக்கோணம் ஒன்றின் பரப்பு, 0.175-ஐயும் 0.275-ஐயும் பெருக்கி அதில் பாதி. எட்டு முக்கோணத்துக்குச் சேர்த்து அகலத்தாலும் பெருக்கினால் 0.173 கனமீட்டர். ஆக ஒரு பாதிப் படிக்கு 0.525, இரண்டு பாதிக்கும் 1.05. லேண்டிங் 1.9 மீட்டர் நீளம், 0.9 அகலம், 0.15 கனம், அது 0.257. கீழ்ப்பாதி லேண்டிங்கில் போய் முட்டும் இடத்தில், சாய்வு ஸ்லாபின் அடிப்பக்கம் லேண்டிங்கின் அடிப்பக்கத்தைவிடத் தாழ்ந்து இருப்பதால் அந்த மடிப்பை நிரப்ப இன்னும் கொஞ்சம் போகும், சுமார் 0.03. மொத்தம் 1.34 கனமீட்டர். சிந்துவது, சட்டியில் ஒட்டுவது, பலகை சற்றுப் பிதுங்குவது என்று நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1.4 கனமீட்டர். நம் கட்டட வேலையில் புழங்கும் கணக்கில் ஏறத்தாழ 50 கன அடி, அரை யூனிட். லேண்டிங்குக்கு அடியில் பீம் வந்தால் அதையும், முதல் படிக்கு அடியில் போடும் அஸ்திவாரத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இரண்டு தவறுகள் இந்தக் கணக்கில் அடிக்கடி வரும். முதலாவது, சாய்வு நீளத்தை விட்டுவிட்டுத் தரை நீளமான 2.2 மீட்டரையே எடுப்பது. அப்போது இரண்டு பாதிக்கும் சேர்த்து 0.11 கனமீட்டர் குறையும். சிமெண்ட்டில் அது ஏறத்தாழ ஒரு மூட்டை. பாதி கான்கிரீட்டில் கலவை தீர்ந்து, இன்னொரு மூட்டைக்கு ஆளை ஓட்டும் சங்கடம் இதனால்தான். இரண்டாவது, முக்கோணத்துக்குப் பாதி எடுக்க மறப்பது. அது 0.35 கனமீட்டரைக் கூட்டிவிடும். ஒப்பந்தக்காரர் தரும் அளவுப் புத்தகத்தில் படிக்கட்டுக்குரிய வரியை வீட்டுக்காரர் சரிபார்க்க வேண்டுமானால் இந்தப் 'பாதி' இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

1.4 கனமீட்டருக்குப் பொருள் எவ்வளவு? இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்கும் குறைந்தபட்சத் தரம் எம்20. சின்ன வேலைகளில் அதை ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்று கலப்பது வழக்கம். கலந்து இறுகும்போது அளவு சுருங்கும் என்பதால், உலர்ந்த பொருளாக 1.54 மடங்கு எடுக்கிறார்கள். ஆக 2.16 கனமீட்டர் உலர் பொருள். அதை ஐந்தரைப் பங்காகப் பிரித்தால் சிமெண்ட்டுக்கு 0.39 கனமீட்டர், எடையில் 565 கிலோ. பதினொரு மூட்டையும் கொஞ்சமும், வாங்குவது பன்னிரண்டு. எம்-சாண்ட் 21 கன அடி. முக்கால் ஜல்லி 42 கன அடி. கனமீட்டருக்கு எட்டு மூட்டை என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கலவைக்கு எப்போதும் ஒத்துவரும்.

தண்ணீரை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கான்கிரீட்டைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். மூட்டைக்கு 27 லிட்டர் அளவோடு நிறுத்த வேண்டும், மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவாக. மாடிப்படியில் தண்ணீர் கூடினால் உடனே காட்டிக் கொடுத்துவிடும்: மேல்படியில் கொட்டிய கலவை கீழ்ப்படியின் மிதி வழியாகப் பொங்கி வரும். கொஞ்சம் கெட்டியான கலவையைக் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி மேலே ஏற்றிக்கொண்டு போனால் அது நடக்காது.

படிகளின் முக்கோணத்தைக் கான்கிரீட்டில் வார்க்காமல், சாய்வு ஸ்லாபை மட்டும் போட்டுவிட்டுப் பிறகு செங்கல்லால் படி கட்டுவதும் நம் ஊரில் பரவலாக உண்டு. அதில் சுமார் 12 கன அடி கான்கிரீட் மிச்சம்; மூன்று மூட்டை சிமெண்ட். உயரம் சற்றுப் பிசகினாலும் செங்கல்லில் திருத்திக்கொள்ளலாம் என்பது இன்னொரு லாபம். செங்கல் வேலைக்கும் பூச்சுக்கும் தனிக் கூலி ஆகும் என்பதால் மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. படி உயரத்தை முன்கூட்டியே முடிவு செய்ய முடியாத வீட்டுக்கு இது நல்ல வழி. முடிவு செய்துவிட்டவர்கள் சேர்த்தே வார்ப்பது மேல்.

கம்பியைப் பற்றி எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது. அது இன்ஜினியரின் வரைபடத்தில் இருக்க வேண்டியது. ஆனால் ஒரே ஓர் இடத்தை வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்கலாம். கீழ்ப்பாதி ஏறி லேண்டிங்கைத் தொடும் மடிப்பில், சாய்வு ஸ்லாபின் அடிக்கம்பியை அப்படியே வளைத்து லேண்டிங்கின் அடிப்பக்கத்துக்குக் கொண்டு போயிருந்தால் அது தவறு. சுமை ஏறும்போது வளைந்த கம்பி நேராகப் பார்க்கும். நேராகும்போது அடியில் உள்ள மெல்லிய கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். சாய்விலிருந்து வரும் அடிக்கம்பி நேராகவே ஏறி லேண்டிங்கின் மேற்பகுதிக்குப் போக வேண்டும். லேண்டிங்கின் அடிக்கம்பி நேராகவே போய்ச் சாய்வு ஸ்லாபின் மேற்பகுதிக்குள் நுழைய வேண்டும். இரண்டும் அந்த மடிப்பில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். ஏற்கெனவே கட்டிய வீட்டில், லேண்டிங்குக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அந்த மடிப்புக் கோட்டின் மீதே குறுக்காக விரிசல் ஓடினால், பூச்சு விரிசல் என்று விட்டுவிடாமல் இன்ஜினியரிடம் காட்ட வேண்டும்.

லேண்டிங்குக்கு அடியில் வாசல் வைக்கலாமா என்ற கேள்வியும் பலருக்கு வரும். தலைக்கு மேல் 2.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதித்தொகுப்பின் எதிர்பார்ப்பு. நம் லேண்டிங்கின் மேற்பரப்பு 1575 மில்லிமீட்டரில் இருக்கிறது. கிரானைட்டுக்குரிய 40-ஐயும் ஸ்லாபின் 150-ஐயும் கழித்தால் அடிப்பக்கம் 1385, நாலடி ஆறரை அங்குலம். இன்வெர்ட்டர் வைக்கலாம், செருப்பு அடுக்கலாம், வாசல் முடியாது.

வார்த்து முடித்த பிறகு, இப்போது கடையில் அதிகம் கிடைக்கும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்டாக இருந்தால் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். படியில் தண்ணீர் தேங்காது, வழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மிதியிலும் ஈரச் சாக்கை விரித்து அதை நனைத்துக்கொண்டே இருப்பதுதான் வழி. நாலரை மீட்டருக்கு உட்பட்ட ஸ்லாபுக்கு முட்டுகளை எடுக்க ஐ.எஸ். 456 ஏழு நாள் சொல்கிறது; அது சாதாரண சிமெண்ட்டுக்குச் சொன்னது. பிபிசிக்கு இன்னும் சில நாள் பொறுப்பது நல்லது. மாடிக்குச் செங்கல் ஏற்றும் அவசரத்தில் படியின் முட்டைத்தான் முதலில் உருவுகிறார்கள். அதைத் தடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலகை அடித்து, கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட் என்ற நிலையில் ஒரு டேப்பையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு படியின் முன்பலகை உயரத்தையும் அளந்து எழுதுங்கள். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் டைல்ஸ் திருத்தம் சேர்ந்திருக்கிறதா, நடுவில் உள்ளவை ஐந்து மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அன்று இரண்டு ஆணியைப் பிடுங்கி அடித்தால் சரியாகிவிடும். மறுநாள் மாலைக்குப் பிறகு அதைச் சரிசெய்யக் கான்கிரீட்டை உடைக்க வேண்டியிருக்கும்.